இரவுப் பணி கணவர், பகல் பணி மனைவி: ஒரு வீட்டின் 24 மணி நேரத்தைப் பிரிக்கும் முறை



நம் அறக்கட்டளையின் குடும்ப ஆலோசனைக்கு வரும் இளம் தம்பதியரில் பலருடைய முறையீடு ஒரே மாதிரி இருக்கிறது. "அவர் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்பார் மனைவி. "நான் தூங்குவதே இவர்களுக்குக் குற்றமாகத் தெரிகிறது" என்பார் கணவர். இருவரிடமும் பொறுமையாக விசாரித்தால் குணக்கேடோ, பாசக் குறைவோ தென்படுவதில்லை. ஒருவர் இரவில் உழைக்கிறார், மற்றவர் பகலில் உழைக்கிறார். இருவருக்கும் பொதுவான நேரம் எது, தூக்கத்துக்கு உரிய நேரம் எது என்று அந்த வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. முறையீடுகளில் பெரும்பகுதி இந்த ஒரு குறையிலிருந்து பிறக்கிறது.

இந்த மாதப் பாடத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய 24 மணி நேரத்தை எப்படிப் பிரித்தோம் என்று பார்ப்போம். பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிடுகிறோம்.

அந்தக் குடும்பம்

கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர இரவுப் பணி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. கம்பெனி பேருந்து இரவு 8.45க்குத் தெருமுனையில் ஏற்றிக்கொள்ளும், காலை 7.15க்கு இறக்கிவிடும். மனைவி ஒரு பள்ளியில் ஆசிரியை. காலை 7.50க்குக் கிளம்பி மாலை 4.30க்கு வீடு திரும்புவார். இரண்டு பிள்ளைகள். கணவரின் தாயாரும் உடன் இருக்கிறார். ஞாயிறு இரவு மட்டும் கணவருக்குப் பணி இல்லை.

அவர்கள் எங்களிடம் வந்தபோது கணவரின் பகல் இப்படி இருந்தது. 7.15க்கு வருவார். சின்னப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார். வழியில் காய்கறி, சில நாள் வங்கி, சில நாள் ரேஷன் கடை. "பகல் முழுக்க வீட்டில்தானே இருக்கிறார்" என்பதால் இந்த வேலைகள் எல்லாம் இயல்பாகவே அவரிடம் வந்து சேர்ந்திருந்தன. படுக்கும்போது மணி 10 ஆகிவிடும். லுஹர் பாங்கு கேட்டதும் எழுந்து, ஜமாஅத்துக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, 2.30க்கு மறுபடி படுப்பார். 4 மணிக்குப் பிள்ளைகள் வந்ததும் வீடு கலகலத்துவிடும். கூட்டிப் பார்த்தால் தூக்கம் ஏறத்தாழ 4 மணி நேரம்தான், அதுவும் இரண்டு துண்டாக.

வளர்ந்த ஒருவருக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். நாளுக்கு 3 மணி நேரம் குறைந்தால் ஆறு நாளில் 18 மணி நேரக் கடன் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடனை அடைக்க உடம்பு முயலும். ஆகவே குடும்பத்துக்கென்று இருந்த ஒரே நாளிலும் அவர் படுக்கையில் கிடந்தார். மனைவிக்கு மனத்தாங்கல் தொடங்கிய இடம் அதுதான்.

பகல் தூக்கம் ஏன் பாதியில் கலைகிறது

நம் உடம்புக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதை உயிர்க் கடிகாரம் என்பார்கள். உயிரணுக்களுக்குள் அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க ஆய்வாளர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்தே இந்தக் கடிகாரம் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது.

இரவில் உடம்பின் உள்சூடு மெல்லக் குறைந்து, விடியலுக்கு முன் மிகக் கீழே போகும். அந்த 3 மணி முதல் 5 மணி வரையான நேரம்தான் இரவுப் பணியாளருக்கு மிகக் கடினமானது. விடிந்த பிறகு உள்சூடு ஏறத் தொடங்கும். காலை 10 மணிக்குப் படுக்கிறவர், உடம்பு விழித்துக்கொள்ளும் திசையில் போகும்போது தூங்கப் பார்க்கிறார். எவ்வளவு அசதி இருந்தாலும் சில மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். 8 மணிக்கே படுப்பவருக்கு நல்ல தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு மணி நேரத் தாமதம் வெறும் இரண்டு மணி நேர நஷ்டத்தோடு நிற்பதில்லை. மிச்சத் தூக்கத்தின் தரத்தையும் அது கெடுக்கிறது.

ஆகவே முதல் மாற்றம் இதுதான்: வீட்டுக்கு வந்த முக்கால் மணி நேரத்தில் படுக்கை. கடை, வங்கி, ரேஷன் எல்லாம் விழித்த பிறகு. சின்னப் பிள்ளையைக் காலையில் மனைவியே தன்னோடு அழைத்துப் போக, மாலையில் டியூஷனுக்குக் கொண்டுவிடும் பொறுப்பைக் கணவர் ஏற்றார். ஒருவர் சுமை குறைந்து மற்றவர் சுமை ஏறாதபடி, வேலைக்கு வேலை மாற்றிக்கொண்டார்கள்.

தொழுகை நேரங்களும் தூக்கமும்

இரவுப் பணி செய்யும் சகோதரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஐந்து வேளையையும் காப்பாற்றிக்கொண்டே தொடர்ச்சியான தூக்கமும் பெற முடியும். நேரத்தின் எல்லைகளை அறிந்திருந்தால் போதும்.

சுபுஹு: பேருந்து இறக்கிவிடும்வரை காத்திருக்க முடியாது. சென்னைப் பக்கத்தில் மே இறுதியில் 5.45க்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஜனவரி இறுதியில்தான் 6.35 ஆகிறது. எனவே பணியிடத்திலேயே, விடியற்காலைத் தேநீர் இடைவேளையில் தொழுதுவிட வேண்டும். மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசி, ஒளூ செய்ய இடத்தையும் ஐந்து பத்து நிமிடத்தையும் உறுதி செய்துகொள்வது நல்லது.

லுஹர்: பாங்கு 12.30 வாக்கில் கேட்டாலும், லுஹரின் நேரம் அஸர் தொடங்கும்வரை இருக்கிறது. அஸர் ஷாஃபிஈ கணக்கில் மிகச் சீக்கிரமாக வருவது நவம்பரில், 3 மணியை ஒட்டி. ஹனஃபி கணக்கில் இன்னும் பிந்தும். ஆகவே 2.30க்கு எழுகிறவர் ஆண்டு முழுவதும் லுஹரை அதன் நேரத்திலேயே தொழலாம். ஜமாஅத்தின் நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் தூக்கத்தை முறித்துக்கொண்டு ஆறு நாளும் ஜமாஅத்துக்கு ஓடி, அஸரிலும் மஃரிபிலும் தடுமாறி நிற்பதைவிட, பணி நாள்களில் லுஹரை வீட்டில் தொழுதுவிட்டு அஸர், மஃரிப் ஜமாஅத்துகளைப் பிடித்துக்கொள்வது அவருக்கு நிலைத்து நின்றது. இதில் மனம் ஒப்பாதவர்கள் தங்கள் மஹல்லா இமாமிடம் நிலைமையைச் சொல்லி விளக்கம் கேட்டுக்கொள்ளலாம். வேலைக்காக இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழலாமா என்ற கேள்வியையும் அவரிடமே கேளுங்கள். தாமாக முடிவு செய்ய வேண்டாம்.

இஷா: பேருந்து 8.45க்கு. இஷா நேரம் ஜூன் மாதத்தில்கூட 8 மணிக்கு முன் வந்துவிடுகிறது. எனவே வீட்டில் தொழுதுவிட்டே கிளம்பலாம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கண்ணயரும் பழக்கம் வேண்டாம். இஷாவுக்கு முன் உறங்குவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அந்த நேரம் பிள்ளைகளுக்கு உரியதும்கூட. அந்தச் சிறு தூக்கத்தைப் பேருந்தில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணவருக்குப் போகும் வழியில் 40 நிமிடம் கிடைக்கிறது.

ஜும்ஆ: வெள்ளிக்கிழமை மட்டும் தூக்கத்தைப் பிரித்தே ஆக வேண்டும். காலை 8 முதல் 12.15 வரை முதல் தூக்கம். குளித்து, ஜும்ஆ முடித்து, மிதமாகச் சாப்பிட்டு, 2.30 முதல் 4.15 வரை இரண்டாவது தூக்கம். மொத்தம் 6 மணி நேரம். பிரியாணி முழு வயிறாக இறங்கினால் இரண்டாவது தூக்கம் கனமாகி எழவே முடியாமல் போகும். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை விருந்தை இரவு உணவுக்கு மாற்றிவிட்டார்கள்.

தூக்கத்தைக் காக்கும் வீடு

நேரம் ஒதுக்கினால் மட்டும் தூக்கம் வராது. வெளிச்சம், சத்தம், வயிறு, தேநீர் ஆகிய நான்கும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு ஜன்னலில் கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்துக் கட்டினார்கள். ஓரத்தில் கசியும் ஒளியைச் செய்தித்தாள் ஒட்டி அடைத்தார்கள். அறைக்குள் கையை நீட்டினால் விரல்கள் மங்கலாகவே தெரிய வேண்டும். அதுவே அளவு.

சத்தத்துக்கு மூன்று ஏற்பாடு. வாசல் மணியை 8 மணிக்கு அணைத்துவிட்டு, "இரவுப் பணி முடித்து உறங்குகிறார். 3 மணிக்கு மேல் வாருங்கள்" என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். கேஸ் சிலிண்டர்காரர், கூரியர்காரர் இருவருக்கும் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்தார்கள். கைப்பேசியில், மனைவி எண்ணும் பள்ளி எண்ணும் தவிர வேறு எந்த அழைப்பும் ஒலிக்காதபடி அமைத்துக்கொண்டார். மாமியார் அம்மாவிடம் மருமகள் பேசினால் அது வேறு மாதிரி ஒலிக்கும் என்பதால், மகனே உட்கார்ந்து பேசினார்: "அம்மா, எனக்கு 8 மணிதான் இரவு 11 மணி மாதிரி. மிக்ஸியையும் குக்கரையும் அதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. உங்களைப் பார்க்க வர்றவங்களை 3 மணிக்கு மேல வரச் சொல்லுங்க." அந்தத் தாயார் மறுநாளே அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்லிவிட்டார். அதுவரை மகன் சோம்பலால் தூங்குவதாகப் பேசிக்கொண்டிருந்தவர்களும் அதோடு அடங்கினார்கள்.

வயிறு காலியாக இருந்தால் 11 மணிக்குப் பசி எழுப்பிவிடும். நிறைய உண்டால் நெஞ்சு கரிக்கும். வந்ததும் இரண்டு இட்லியோ, ஒரு தோசையோ போதும். நடு இரவுக்குப் பிறகு செரிமானம் மந்தமாவதால், கேண்டீனில் 1 மணிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார். முழுச் சாப்பாட்டை இரவு 8 மணிக்கு வீட்டில் குடும்பத்தோடு உண்டார். அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வேளை அதுதான்.

தேநீரிலும் காபியிலும் உள்ள காஃபீனில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்குத் தூங்க வேண்டியவர் விடியற்காலை 5 மணிக்குத் தேநீர் குடித்தால், படுக்கும்போதும் அதில் பாதிக்கு மேல் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே கடைசித் தேநீர் 2 மணிக்கு. அதற்குப் பிறகு வெந்நீரோ தண்ணீரோ.

சந்திக்கும் நேரங்களும் பேசும் விஷயங்களும்

இந்தத் தம்பதி வேலை நாளில் இருவரும் விழித்திருந்து முகம் பார்க்கும் நேரம் இரண்டு. காலையில் 35 நிமிடம், மாலையில் 4.30 முதல் 8.45 வரை. இரண்டும் ஒரே தன்மையுடையவை அல்ல.

காலையில் கணவரின் நாள் முடிகிறது, மனைவியின் நாள் தொடங்குகிறது. ஒருவர் அசதியில் இருக்கிறார், மற்றவர் அவசரத்தில் இருக்கிறார். அந்த நேரத்தில் பணம், சொந்தக்காரர் மனத்தாங்கல், பிள்ளையின் மதிப்பெண் என்று எதைத் தொட்டாலும் சண்டையில் முடியும். மனைவி அதைச் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போவார். கணவர் அதை நினைத்துக்கொண்டு 10 மணிவரை புரண்டு கிடப்பார். காலை 7.40க்கு நடக்கும் ஒரு வாக்குவாதத்துக்கு விலை இரண்டு மணி நேரத் தூக்கம். ஆகவே காலைக்கு ஒரு விதி வைத்தார்கள்: இன்றைக்கு நடக்க வேண்டியதை மட்டும் பேசுவது. சின்னவனுக்குச் சளி, மருந்து மேசையில் இருக்கிறது; மின்கட்டணம் இன்று கடைசி நாள்; இப்படி இரண்டு மூன்று செய்திகள். மறந்துபோகிறவற்றை எழுத, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு சிறு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

மாலையிலும் முதல் அரைமணி நேரம் மனைவிக்கு உரியது. நின்றுகொண்டே பாடம் நடத்திவிட்டு வருபவர், வந்த காலோடு அடுப்படிக்குப் போகக் கூடாது. 3 மணிக்குச் சாப்பிட்டு எழுந்த கணவர் தேநீர் போட்டு வைப்பார், அரிசி களைந்து வைப்பார், காயும் நறுக்கி வைப்பார். "ஆம்பிளை அடுப்படிக்குப் போறதா" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு, நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை நினைவூட்டுகிறோம்.

கனமான விஷயங்களுக்குப் புதன்கிழமை அஸருக்குப் பிறகு 45 நிமிடம் ஒதுக்கினார்கள். வாரத்தின் நடுவில், கணவர் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் நேரம் அது. வரவு செலவு, பெரியவர்கள் விவகாரம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதற்குள்தான். "புதன்கிழமை பேசிக்கலாமா" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் அதை மதிக்க வேண்டும். புதன் வந்ததும், தள்ளிப்போட்டவரே அதை முதலில் எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி வெறும் தட்டிக்கழிப்பாகிவிடும்.

பகலில் உழைப்பவரின் தூக்கத்தையும் மறக்கக் கூடாது. இந்த மனைவி, கணவரின் 1 மணி இடைவேளை அழைப்புக்காக விழித்திருக்கும் பழக்கம் வைத்திருந்தார். காலை 5 மணிக்கு எழ வேண்டியவருக்கு அது நான்கு மணி நேரத் தூக்கம். அழைப்பை நிறுத்தி, அவர் படுக்கும் முன் 10 மணிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பிவிடுவது என்று வைத்தார்கள். கணவர் அதை இடைவேளையில் கேட்டுக்கொள்வார். அவருடைய பதில், மனைவி காலையில் எழும்போது காத்திருக்கும்.

ஞாயிறு

பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு உடைவது விடுமுறை நாளில்தான். ஒரே நாளில் முழுப் பகல் மனிதராக மாறிவிட முயன்றால், திங்கள் இரவு உடம்பு ஒத்துழைக்காது. முழு இரவு மனிதராகவே இருந்தால் குடும்பத்துக்கு ஞாயிறு இல்லை.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. ஏழு நாளும் மாறாத ஒரு தூக்கத் துண்டை நட்டு வைப்பது. இவர்களுக்கு அது காலை 8 முதல் 12.15 வரை. வேலை நாளில் அது 2.30 வரை நீள்கிறது. வெள்ளியன்று 12.15க்கு முடிகிறது. ஞாயிறும் அப்படியே: சனி இரவுப் பணி முடித்து வந்து 8 முதல் 12.15 வரை தூக்கம். லுஹருக்கு எழுந்தால் அதன்பின் முழு நாளும் குடும்பத்துக்கு. உறவினர் வீடு, கடைவீதி, கடற்கரை எல்லாம் அந்தப் பிற்பகலில். இரவு 11 மணிக்கு மனைவியோடு தூங்கப் போகிறார். கணவன் மனைவிக்குரிய தனிமைக்கும் வாரத்தில் உறுதியாகக் கிடைக்கும் இரவு இது ஒன்றே. ஆகவே ஞாயிறு இரவு விருந்தினரையும் நெடும்பயணத்தையும் வைத்துக்கொள்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். இதைப் பேசவே பலர் கூச்சப்படுகிறார்கள். பேசாமல் விட்டால் மாதக்கணக்கில் அந்த நேரம் வேறு எதற்கோ போய்விடும்.

திங்கள் காலை சுபுஹுக்கு எல்லோரோடும் எழுகிறார். பிள்ளைகளைக் கிளப்ப உதவுகிறார். பிறகு வழக்கம்போல 8 மணிக்குப் படுக்கிறார். இரவு 6 மணி நேரம் தூங்கியிருந்தாலும் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகியிருப்பதால் 2 அல்லது 3 மணி நேரமாவது தூக்கம் வருகிறது. அதுவே திங்கள் இரவுப் பணியைத் தாங்கக் கொடுக்கிறது. அப்படியும் வாரத்தின் கடினமான இரவு திங்கள்தான். இரு சக்கர வாகனத்தில் பணிக்குப் போய் வருபவர்கள் செவ்வாய்க் காலைத் திரும்பும் பயணத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். முடிந்தால் பேருந்தில் வாருங்கள். கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டி 15 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். முகம் கழுவுவதும் பாட்டு கேட்பதும் தூக்கத்தைச் சில நிமிடங்களே தள்ளிப்போடும்.

மனைவி இரவுப் பணிக்குப் போனால்

நம் பெண்களில் செவிலியர்களாகப் பணிபுரிவோர் பலர் உண்டு. இரவு 8 முதல் காலை 8 வரை 12 மணி நேரப் பணி இருக்கும் மருத்துவமனைகள் உள்ளன. மேலே சொன்ன கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் நடைமுறையில் ஒரு வேறுபாடு உண்டு. ஆண் இரவுப் பணி முடித்து வந்தால் வீடு அவரைப் படுக்கச் சொல்கிறது. பெண் வந்தால் வீடு அவளைச் சமைக்கச் சொல்கிறது. 12 மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர், சமைத்து, துவைத்து, 12 மணிக்குப் படுத்து, 4 மணிக்குப் பிள்ளைகளுக்காக எழுந்து, 7 மணிக்கு மறுபடி கிளம்புகிறார். இது எந்த உடம்பும் நெடுநாள் தாங்கக்கூடியதல்ல.

அப்படிப்பட்ட வீடுகளில் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுதி வையுங்கள்: அவர் பணி செய்யும் நாள்களில் காலைச் சமையல் யாருடையது? "அவரவர் பார்த்துக்குவோம்" என்பது பதில் ஆகாது. கணவர், மாமியார், கடை என்று ஒரு பெயர் வேண்டும். முந்தைய மாலையே குழம்பு வைத்துக்கொள்வது, கணவர் சோறு வடித்துப் பிள்ளைகளை அனுப்புவது என்று முடிவானால், அவர் 9 மணிக்குப் படுத்து 3 மணிவரை தூங்கலாம். பகல் பணி செய்யும் கணவர் மாலை பிள்ளைகளையும் இரவுப் படுக்கையையும் முழுதாக ஏற்க வேண்டியிருக்கும். அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

ரமளானில்

மாற்றம் சிறிதுதான். நோன்பு திறப்பது வீட்டில், ஸஹர் பணியிடத்தில். ஸஹர் உணவை டிபனில் கொடுத்தனுப்ப வேண்டும். காலை வந்ததும் சிற்றுண்டி இல்லாததால் நேரே படுக்கை. வேலை செய்யும் நேரத்திலேயே தண்ணீர் குடிக்க முடிவதால், இரவுப் பணியாளருக்கு நோன்பில் தாகம் சற்றுக் குறைவுதான். ஸஹரோடு தேநீர் குடிப்பது மட்டும் வேண்டாம். அது 8 மணித் தூக்கத்தை விழுங்கிவிடும். மாலையில் நோன்பு திறந்ததும் வயிறு முட்ட உண்டுவிட்டு இரவு முழுக்க இயந்திரத்தின் முன் நிற்பதும் கூடாது. பாதியை 11 மணிக்கு ஒதுக்குங்கள்.

ஏற்பாடு பலிக்கிறதா என்று அறிவது

புது வழக்கத்தை நான்கு வாரம் மாற்றாமல் கடைப்பிடித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் உடம்பு எதையும் சொல்லாது. நான்காம் வாரம் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வேலை நாளில் தூக்கம் 6 மணி நேரத்தைத் தாண்டுகிறதா? ஞாயிறு 12.15க்கு மற்றவர் உலுக்காமல் எழ முடிகிறதா? புதன்கிழமைப் பேச்சு நான்கில் மூன்று முறையாவது நடந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால் வழக்கம் ஊன்றிவிட்டது. முதல் கேள்விக்கு இல்லை என்றால் குறை வீட்டின் வெளிச்சத்திலோ சத்தத்திலோ தேநீரிலோ இருக்கிறது. மூன்றாவதற்கு இல்லை என்றால் குறை தூக்கத்தில் இல்லை. இருவரும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.

நாங்கள் சொன்ன குடும்பத்தில் நான்காம் வார முடிவில் கணவரின் தூக்கம், பேருந்துத் தூக்கத்தையும் சேர்த்து, நாளுக்கு ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகியிருந்தது. புதன்கிழமைப் பேச்சு ஒருமுறை தவறியது. ஞாயிறு பிற்பகல் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்தது. மாதக் கடைசியில் பணம் போதாத குறை அப்படியேதான் இருக்கிறது. அதைத் தூக்கம் தீர்க்காது. ஆனால் அதைப் பற்றி இப்போது கத்தாமல் பேச முடிகிறது என்று அந்தச் சகோதரி சொன்னார்.

எல்லா வீட்டிலும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டோம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர், வலிப்பு நோய் உள்ளவர், கருவுற்ற பெண் ஆகியோர் இரவுப் பணியைத் தொடரும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். மருந்து நேரங்களையும் அவரே மாற்றித் தர வேண்டும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு மேலே சொன்ன 8 மணித் துண்டு நிற்காது. அவர்கள் மூன்று ஷிப்டுக்கும் மூன்று தாள் எழுத வேண்டும். நல்ல இருட்டறையும் ஒழுங்கும் இருந்தும் மூன்று மாதமாகத் தூக்கம் 5 மணி நேரத்தைத் தாண்டவில்லை என்றால், அந்த உடம்புக்கு இரவுப் பணி ஒத்துவரவில்லை என்று பொருள். அப்போது சம்பளத்தில் இரவுப் படி குறைந்தாலும் பகல் ஷிப்டுக்கு விண்ணப்பிப்பதே சரி.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு முழு வெள்ளைத் தாளை எடுங்கள். இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி. காலை 6 மணியில் தொடங்கி மறுநாள் 6 மணிவரை கோடு போடுங்கள். முதலில் இருவரின் வேலை நேரத்தை நிரப்புங்கள், அடுத்துத் தொழுகை, அதற்கடுத்துத் தூக்கம். மிஞ்சும் வெற்றிடத்தில்தான் மற்ற எல்லாமும். தூக்கத்தைக் கடைசியில் எழுதினால் அதற்கு இடம் கிடைக்காது. இருவரும் கூடி எழுதி முடியாவிட்டால் தாளை எடுத்துக்கொண்டு ஞாயிறு அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்